பின்மொழிபெயர்ப்பால் பெருக்கிய தமிழ் டேட்டா: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

யாழ்ப்பாணத்தில் தமிழ்ச் செய்திகளை வகைப்படுத்த முயல்கிறவர்கள் கொண்டுவரும் பிரச்சினை பெரும்பாலும் ஒன்றுதான். லேபிள் போட்ட செய்திகள் ஐந்நூறு, அறுநூறுக்கு மேல் கையில் இல்லை. அதைப் பெருக்க, தமிழை ஆங்கிலத்துக்கு மாற்றித் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவரும் பின்மொழிபெயர்ப்பைச் செய்கிறார்கள், டேட்டா மூன்று மடங்கு ஆகிறது, ஆனால் மாடல் எதிர்பார்த்தபடி நடப்பதில்லை. எங்கே பிழை என்று ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தேட வேண்டியதில்லை, அறிகுறியே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

ஒரே எடுத்துக்காட்டை வைத்துப் போவோம். ஊர் வட்ஸ்அப் குழுக்களில் வரும் தண்ணீர், கரண்ட், றோட்டு, குப்பை பற்றிய 600 செய்திகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு லேபிள். ஒன்று எதைப் பற்றியது என்பது. மற்றது நிலை: ‘பழுது’, ‘சரியாகிவிட்டது’, ‘விசாரணை’ என்று மூன்று. இந்த இரண்டு லேபிள்களும் பெருக்கத்தைத் தாங்கும் விதம் வேறு வேறு, அதைக் கீழே பார்க்கலாம்.

தொடங்க முன் மூன்று காரியம். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு `origin_id` கொடுங்கள், பெருக்கிய பிரதிகளும் தாய்ச்செய்தியின் அதே எண்ணைச் சுமக்கட்டும். பெருக்கமே இல்லாமல் ஒருமுறை மாடலைப் பழக்கி மதிப்பெண்ணை எழுதி வையுங்கள். அப்புறம், செய்திகளில் இருக்கும் போன் இலக்கம், வீட்டு இலக்கம், ஆட்களின் பெயர் எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள். இணைய மொழிபெயர்ப்புச் சேவைக்கு அனுப்புகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், அது சனங்கள் நம்பி எழுதிய செய்தி.

## அறிகுறி 1: சோதனையில் மதிப்பெண் உச்சம், புதுச் செய்தியில் சரிவு

முதலில் பார்க்க வேண்டியது கசிவு. முழு டேட்டாவையும் பெருக்கிவிட்டுப் பிறகு பயிற்சி, சோதனை என்று பிரித்திருந்தால், ஒரு செய்தி சோதனைப் பக்கத்திலும் அதன் பின்மொழிபெயர்ப்பு பயிற்சிப் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கும். மாடல் விடையை ஏற்கெனவே பார்த்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும்:

```python
a = set(train["origin_id"])
b = set(test["origin_id"])
print(len(a & b))   # 0 வர வேண்டும்
```

பூச்சியம் வரவில்லை என்றால் வேறு எதையும் தொடாதீர்கள். முதலில் பிரியுங்கள், பிறகு பயிற்சிப் பகுதியை மட்டும் பெருக்குங்கள். சோதனைப் பகுதியில் ஒரு பெருக்கிய வாக்கியமும் இருக்கக்கூடாது, சனங்கள் எழுதியது எழுதியபடியே இருக்கட்டும்.

பூச்சியம் வந்தும் மதிப்பெண் நம்ப முடியாத அளவுக்கு இருந்தால், மூலச் செய்திகளிலேயே இரட்டைகள் இருக்கும். ஒரே செய்தியை ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்கு ஃபோர்வர்ட் பண்ணுவார்கள், ஒருவர் கடைசியில் ‘தயவு செய்து கவனிக்கவும்’ என்று சேர்ப்பார், இன்னொருவர் ஒரு கும்பிடு போடுவார். அப்படியே ஒப்பிட்டால் இவை வேறு வேறு செய்தி. அதோடு தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு: ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு சொல். எனவே முதலில் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்:

```python
import unicodedata
t = unicodedata.normalize("NFC", t)
```

அதன் பிறகு மூன்றெழுத்துத் துண்டுகளை வைத்து ஒற்றுமையைக் கணக்கிட்டு, மிக நெருங்கியவற்றுக்கு ஒரே `origin_id` கொடுத்துவிட்டுத் திரும்பப் பிரியுங்கள். எந்த அளவு ஒற்றுமை போதும் என்பதை நெருங்கிய சோடிகளை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போய் நீங்களே முடிவு செய்யலாம். இந்த அறிகுறிக்கு வெளி ஆள் யாரும் தேவைப்படாது.

## அறிகுறி 2: திரும்பி வந்த வாக்கியம் போன வாக்கியமே

600 செய்தி அனுப்பி 600 வாங்கினீர்கள், ஆனால் கணிசமானவை அப்படியே திரும்பியிருக்கின்றன, அல்லது ஒரு ‘உம்’ மட்டும் மாறியிருக்கிறது. குறுஞ்செய்திகளில் இது சாதாரணம். ‘தண்ணீர் வரவில்லை’ என்பதை எத்தனை விதமாக மொழிபெயர்க்க முடியும்?

முதல் காரணம் மாடலை வாக்கியம் ஆக்கச் சொன்ன முறை. வழமையான பீம் தேடல் எப்போதும் மிகச் சாத்தியமான வாக்கியத்தையே எடுக்கும், அதனால் வேறுபாடு வராது. மாதிரியெடுத்து ஆக்கச் சொல்லுங்கள். NLLB என்ற மொழிபெயர்ப்பு மாடலில் இப்படி:

```python
from transformers import AutoTokenizer, AutoModelForSeq2SeqLM
model = AutoModelForSeq2SeqLM.from_pretrained(
    "facebook/nllb-200-distilled-600M")
tok = AutoTokenizer.from_pretrained(
    "facebook/nllb-200-distilled-600M", src_lang="tam_Taml")
out = model.generate(
    **tok(s, return_tensors="pt"),
    forced_bos_token_id=tok.convert_tokens_to_ids("eng_Latn"),
    do_sample=True, top_p=0.9, temperature=0.8)
```

வெப்பநிலையைக் கூட்டினால் வேறுபாடு கூடும், பொருளும் கைவிட்டுப் போகும். 0.8இல் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற்றிப் பாருங்கள், ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு முப்பது வாக்கியத்தைக் கண்ணால் படியுங்கள். போகும் வழியில், அதாவது ஆங்கிலத்துக்குப் போகும்போது, பீம் வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் மட்டும் மாதிரியெடுப்பது என் விருப்பம். பொருள் ஆங்கிலத்தில் ஓரளவு பத்திரமாக இருக்கும், தமிழில் சொல்லும் விதம் மாறும்.

இடைமொழியைச் சிங்களமாக (`sin_Sinh`) மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். பார்க்கலாம். ஆனால் சிங்களமும் தமிழைப் போல வினையைக் கடைசியில் வைக்கும் மொழி, சொல்வரிசை பெரிதாகக் கலையாது. அதனால் வாக்கிய அமைப்பு மாற வேண்டும் என்றால் ஆங்கிலம், சொற்கள் மட்டும் மாறினால் போதும் என்றால் சிங்களம்.

எது செய்தாலும், மூலத்தோடு ஒன்றாக வந்ததைத் தூக்கி எறியுங்கள். அது புதுச் செய்தி இல்லை, பழைய செய்திக்கு இரட்டை எடை கொடுப்பது மட்டுமே. NLLB பாவிக்கிறவர்களுக்கு ஒன்று: அதன் உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதிப்பதில்லை. காசுக்குச் செய்து கொடுக்கும் வேலை என்றால் அதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 3: எதைப் பற்றியது என்பது சரி, நிலை மட்டும் தலைகீழ்

அதிகம் வருவதும் அதிக நேரம் தின்பதும் இதுதான். பெருக்கிய பிறகு தண்ணீரா கரண்டா என்பதை மாடல் நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் ‘பழுது’ம் ‘சரியாகிவிட்டது’ம் முன்பைவிடக் கூடுதலாகக் குழம்புகின்றன.

எதைப் பற்றியது என்ற லேபிள் பெயர்ச்சொல்லில் தொங்குகிறது. வாக்கியத்தின் பொருள் எப்படிச் சிதைந்தாலும் ‘தண்ணீர்’ என்ற சொல் தப்பிவந்தால் லேபிள் சரியாகத்தான் இருக்கும். நிலை அப்படியில்லை, அது வினைமுற்றின் கடைசி இரண்டு எழுத்தில் இருக்கிறது. மொழிபெயர்ப்பு மாடல் வழுக்குவதும் சரியாக அந்த இடத்தில்தான், அதுவும் எங்கள் பேச்சு வழக்கில்.

இந்தச் செய்தியை எடுங்கள்:

```
எங்கட ஒழுங்கையிலை கரண்ட் போட்டுது, ஒரு கிழமையா இதே பிரச்சினை
```

யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: எங்கள் சந்தில் கரண்ட் போய்விட்டது, ஒரு வாரமாக இதே பிரச்சினை. லேபிள் ‘பழுது’. மொழிபெயர்ப்பு மாடல் பார்த்து வளர்ந்ததோ பெரும்பாலும் எழுத்துத் தமிழ், அதிலும் இந்தியப் பத்திரிகைத் தமிழ். ‘போட்டுது’ அதற்கு ‘போட்டது’. ‘கிழமை’ அதற்கு வாரமில்லை, திங்கள் செவ்வாய் போல ஒரு நாள். ‘ஒழுங்கை’ அதற்கு ‘ஒழுங்கு’ என்ற சொல்லின் இரண்டாம் வேற்றுமை. ஆக, எங்கள் ஒழுங்கில் மின்சாரம் போடப்பட்டது, ஒரு நாளாக இதே பிரச்சினை என்கிற மாதிரி ஒன்று திரும்பி வரும், ‘பழுது’ என்ற லேபிளைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு. இப்படி நூறு வாக்கியத்தைக் காட்டினால் மாடல் என்ன படிக்கும்? மின்சாரம் போடப்பட்டது என்றால் பழுது என்று படிக்கும்.

சோதிக்கும் முறை, செலவு குறைந்ததிலிருந்து:

இடைவாக்கியத்தைப் படியுங்கள். பெரும்பாலானவர்கள் இறுதித் தமிழை மட்டும் சேமித்து ஆங்கிலத்தை விட்டுவிடுகிறார்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு நிலை லேபிளிலும் இருபது எடுத்துப் படியுங்கள். போகும் வழியில் பிழைத்ததா, திரும்பும் வழியில் பிழைத்ததா என்று தெரிந்தால்தான் மருந்து தெரியும். பேச்சுத்தமிழ் மூலத்தில் பிழை அநேகமாகப் போகும் வழியில்தான்.

போகும் முன் எழுத்துத் தமிழாக்குங்கள். லேபிளைத் தீர்மானிக்கும் வினைகளுக்கு மட்டும் ஒரு சிறிய மாற்றுப் பட்டியல் போதும். ‘வரேல்லை’, ‘எடுக்கேல்லை’ மாதிரி ‘-ேல்லை’ என்று முடிவதை ‘-வில்லை’ ஆக்குவது சுலபம், அகரத்தைத் திருப்பிப் போட்டால் போதும்: வரவில்லை, எடுக்கவில்லை. ‘எரியுதில்லை’ போன்றவற்றை ‘எரிவதில்லை’ ஆக்கலாம். ‘போட்டுது’தான் கவனம். கரண்ட், லைட், வயர் என்பவற்றுக்குப் பின்னால் வந்தால் ‘போய்விட்டது’. ‘நாய் குப்பையை இழுத்துப் போட்டுது’ என்று வந்தால் தொடக்கூடாது. ‘கிழமை’க்கு ‘வாரம்’, ‘ஒழுங்கை’க்கு ‘சந்து’ என்று மாற்றலாம். இந்த மாற்றம் மொழிபெயர்ப்புக்குப் போகும் பிரதிக்கு மட்டும், பயிற்சியில் இருக்கும் மூலச் செய்தியை அதன் பேச்சிலேயே விடுங்கள்.

எதிர்மறைக் காவல் போடுங்கள். எழுத்தாக்கிய மூலத்தில் ‘இல்லை’, ‘-வில்லை’, ‘-ாது’ இருந்து, திரும்பி வந்ததில் அவற்றில் ஒன்றும் இல்லை என்றால் அந்தப் பிரதியைத் தள்ளுங்கள். மறுபக்கமும் அப்படியே. நல்லவை சிலதும் போகும், போகட்டும். வாக்கிய ஒற்றுமையை அளக்கும் LaBSE மாதிரியான மாடலை வைத்து இதைப் பிடிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தலைப்பு மாறிய வாக்கியத்தை நன்றாகப் பிடிக்கும், ஆனால் ‘தண்ணீர் வந்தது’ என்பதும் ‘தண்ணீர் வரவில்லை’ என்பதும் அதன் கண்ணுக்கு நெருங்கிய உறவு. ஒற்றுமை எண் உயரமாக இருக்கிறது என்பதற்காக லேபிள் தப்பியது என்று எடுக்காதீர்கள்.

நிலைக்குப் பின்மொழிபெயர்ப்பையே விடுங்கள். இவ்வளவும் செய்தும் இருபதில் நாலைந்து பிழைத்தால் முறையை மாற்றுவதுதான் புத்தி. வினையைத் தொடாமல் மற்றதை மாற்றுங்கள்: ஊர்ப்பெயர், நாள்கணக்கு, பொருள். ‘கொக்குவிலிலை மூண்டு நாளா கரண்ட் இல்லை’ என்பதிலிருந்து ‘அரியாலையிலை ரெண்டு நாளா தண்ணி இல்லை’ கிடைக்கும். நிலை லேபிள் மாறாது, எதைப் பற்றியது என்ற லேபிளை மட்டும் கூடவே மாற்றுங்கள். தமிழில் ஊர்ப்பெயரை வெட்டி ஒட்டினால் வேற்றுமை உருபு உடையும், ‘மானிப்பாய்லை’, ‘அரியாலைஇலை’ என்றெல்லாம் வரும். ஆகவே பெயரைச் சேமிக்காமல் உருபோடு சேர்ந்த வடிவத்தையே பட்டியலில் வையுங்கள்: நல்லூரிலை, மானிப்பாயிலை, சாவகச்சேரியிலை. ஊர்களை எல்லா லேபிள்களுக்கும் சமமாகப் பரப்ப மறந்தால், சாவகச்சேரி என்றாலே தண்ணீர்ப் பிரச்சினை என்று மாடல் முடிவு கட்டிவிடும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: மொழிபெயர்ப்பு மாடலையே எங்கள் பேச்சுக்குப் பழக்கலாமா என்ற யோசனை வரும்போது. அதற்குப் பேச்சுத்தமிழும் எழுத்துத்தமிழும் சோடி சோடியாக ஆயிரக்கணக்கில் வேண்டும், மொழிபெயர்ப்பு மாடலைப் பழக்கிக் கைதேர்ந்த ஒருவரும் வேண்டும். 600 செய்தியை வகைப்படுத்துவதற்காக அந்த வேலையைத் தனியாகத் தொடங்காதீர்கள்.

## அறிகுறி 4: எழுத்துத் தமிழில் எழுதியது தேறுகிறது, பேச்சில் எழுதியது முன்பைவிட மோசம்

சோதனைச் செய்திகளைப் பேச்சு, எழுத்து என்று இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே மதிப்பெண் பார்த்தால்தான் இந்த அறிகுறி கண்ணில் படும். மொத்த எண்ணைப் பார்த்தால் எழுத்துப் பக்கம் ஏறியதும் பேச்சுப் பக்கம் இறங்கியதும் ஒன்றை ஒன்று மறைத்துவிடும்.

காரணம் நேரானது. எதைப் பேச்சில் அனுப்பினாலும் மொழிபெயர்ப்பு மாடல் எழுத்துத் தமிழில்தான் திருப்பித் தரும். மூன்று மடங்கு பெருக்கினால் பயிற்சியில் பேச்சின் பங்கு கரைந்துபோகும், ஆனால் நாளைக்கு வரப்போகும் செய்திகளோ பேச்சில்தான் வரும்.

முதலில் அளவைக் குறையுங்கள். ஒரு மூலத்துக்கு ஒரு பிரதி, அதற்கு மேல் வேண்டாம், முடிந்தால் பிரதியின் எடையைப் பாதியாக்குங்கள். போதவில்லை என்றால் எதிர்த்திசையில் பெருக்குங்கள்: அறிகுறி 3இல் செய்த மாற்றுப் பட்டியலைத் திருப்பி, திரும்பி வந்த எழுத்துத் தமிழில் ‘வரவில்லை’யை ‘வரேல்லை’ ஆக்குங்கள், ‘-இல்’ என்பதை ‘-இலை’ ஆக்குங்கள், ‘எங்கள்’ என்பதை ‘எங்கட’ ஆக்குங்கள். எல்லா வாக்கியத்திலும் எல்லாவற்றையும் மாற்றாமல் பாதிக்குப் பாதி மாற்றுங்கள். சனங்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள், ஒரே செய்தியில் ‘எங்கட’வும் ‘தயவுசெய்து’வும் சேர்ந்தே வரும்.

`thanni varela` என்று ஆங்கில எழுத்தில் வரும் தமிழ் தனிக் கதை. அதை `tam_Taml` என்று சொல்லி மொழிபெயர்ப்புக்கு அனுப்பினால் குப்பைதான் வரும். ஒன்றில் முதலில் தமிழ் எழுத்துக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் பெருக்கத்திலிருந்து அவற்றை விலக்குங்கள்.

## அறிகுறி 5: பெருக்கிய செய்திகளில் புள்ளிவட்டங்கள், உடைந்த எழுத்துகள்

பின்மொழிபெயர்ப்பால் வருவதல்ல, எழுத்தைச் சீரற்று அழிக்கும் அல்லது இடம்மாற்றும் கருவியால் வருவது. ஆங்கிலத்துக்கு எழுதிய கருவி ஒரு குறியீட்டை ஒரு எழுத்தாக எண்ணும். ‘கி’ என்பதில் ‘க’வை மட்டும் அழித்தால் தனியாக நிற்கும் இகரக் குறி புள்ளிவட்டத்தோடு தெரியும். அப்படி யாரும் தட்டச்சில் பிழைவிடுவதில்லை. முழு எழுத்தாகப் பிரித்துவிட்டுப் பிறகு அழியுங்கள்:

```python
import regex
letters = regex.findall(r"\X", "தண்ணி")   # த, ண், ணி
```

சொல் அழிப்பிலும் இதே எச்சரிக்கை உண்டு. 2019இல் ஜேசன் வெய்யும் கை ஸோவும் முன்வைத்த EDA முறை ஒத்தசொல் மாற்றல், செருகல், இடமாற்றல், அழித்தல் என்ற நான்கையும் ஆங்கில டேட்டாவில் காட்டியது, டேட்டா குறைவாக இருந்தபோதுதான் பலன் கூடுதலாக இருந்தது. தமிழில் சொற்களை இடம் மாற்றுவது பெரும்பாலும் தாங்கும். அழிப்பது தாங்காது: ஐந்து சொல் செய்தியில் கடைசிச் சொல் போனால் நிலையும் போய்விடும். வினையை அழிக்காதபடி விதி போட்டுவிட்டுப் பாவியுங்கள்.

## அறிகுறி 6: ஒருநாள் ஏறுகிறது, மறுநாள் இறங்குகிறது

டேட்டா சிறிது, சோதனைத் தொகுதி அதிலும் சிறிது. நூறு சோதனைச் செய்தியில் ஒன்று மாறினாலே ஒரு சதவீதம் மாறும். ஒரே ஒரு ஓட்டத்தை வைத்துப் பெருக்கம் வேலை செய்தது என்றோ செய்யவில்லை என்றோ சொல்லாதீர்கள்.

பெருக்கம் இல்லாமல் ஐந்து சீட், அதாவது ஐந்து வேறு சீரற்ற தொடக்க எண், பெருக்கத்தோடு அதே ஐந்து சீட் என்று ஓட்டி, F1இன் வகைச் சராசரியை எழுதுங்கள். பெருக்காமல் 0.66இலிருந்து 0.72 வரையும் பெருக்கி 0.68இலிருந்து 0.73 வரையும் வந்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வீச்சும் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கின்றன, இதை முன்னேற்றம் என்று அறிக்கையில் எழுதக்கூடாது. XLM-R போல ஏற்கெனவே பெருந்தொகைத் தமிழைப் படித்த மாடலை வைத்திருந்தால் இப்படித்தான் முடிய வாய்ப்பு அதிகம், ஏனென்றால் ஒத்தசொல்லும் சொல்வரிசையும் மாறினால் என்ன ஆகும் என்று அதற்கு ஓரளவு முன்பே தெரியும். சொற்களை எண்ணும் பழைய வகை மாடல் என்றால் பெருக்கத்துக்கு வேலை கூடுதலாக இருக்கும்.

வீச்சு பிரியவே இல்லை என்றால் பெருக்கத்தை நிறுத்திவிட்டு லேபிள் போடும் ஆட்களைத் தேடுங்கள், இங்கே ‘நிபுணர்’ என்றால் அவர்கள்தான். இந்த ஊரில் வளர்ந்து இந்தப் பேச்சைப் பேசுகிற இரண்டு பேர், ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல், மாடல் அதிகம் குழம்பும் 200 செய்திக்கு லேபிள் போடட்டும். இரண்டு பேருக்கும் உடன்பாடில்லாத செய்திகளை முதலில் எடுத்துப் பாருங்கள். ‘நேற்று கரண்ட் வந்து திரும்பவும் போட்டுது’ என்பதற்கு ஒருவர் ‘பழுது’ என்றும் மற்றவர் ‘சரியாகிவிட்டது’ என்றும் போட்டிருந்தால் கோளாறு மாடலில் இல்லை, லேபிளின் விளக்கத்தில் இருக்கிறது. ‘செய்தி எழுதும் நேரத்தில் எப்படி இருக்கிறதோ அதுவே நிலை’ என்று ஒரு வரியை விளக்கத்தில் சேர்த்து, பழைய 600 செய்தியிலும் இதே மாதிரி உள்ளவற்றைத் திருத்திவிட்டு, பெருக்கம் இல்லாத ஓட்டத்தை மறுபடி ஓட்டுங்கள்.